கையில் 8 லட்சம், பட்டியலில் 400 குடும்பம்: தொண்டிப் பக்கம் வெள்ள நிவாரணப் பைக்குக் கணக்குப் போடுவது எப்படி

"எங்கள் சங்கத்தில் 8 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. தொண்டிக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவே மூன்று கடலோர ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த 400 குடும்பங்களின் பட்டியல் கையில் உள்ளது. குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று பிரித்து மதுரையில் சாமான் வாங்கிவிடலாமா? லாரி வாடகைக்கும் சாமான் வைக்கும் இடத்துக்கும் தனியாக எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?"

2,000 ரூபாய்க்கு வாங்க முடியாது. கீழே போட்டிருக்கும் கணக்குப்படி ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 1,460 ரூபாய்ச் சாமான்தான் தேறும். மீதி 540 ரூபாயில் ஒரு பகுதி சாமானை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு. இன்னொரு பகுதி, இன்று உங்கள் பட்டியலில் இல்லாமல் நாளை வந்து நிற்கப்போகும் குடும்பங்களுக்கு. எட்டு லட்சத்தை நானூறால் வகுத்துச் சாமானுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால், லாரி திருவாடானைக்கு வந்து நிற்கும்போது இறக்குகூலிக்கு யார் யாரிடமாவது கை நீட்ட வேண்டியிருக்கும். அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் எண்ணிக்கை, அடுத்து கொண்டுசேர்க்கும் செலவு, கடைசியில்தான் பைக்குள் என்ன என்ற கேள்வி.

முதலில் அந்த 400. பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ரேஷன் கார்டை வைத்து எடுத்ததாக இருந்தால் அது கார்டுகளின் எண்ணிக்கை, அடுப்புகளின் எண்ணிக்கை அல்ல. கடலோர ஊர்களில் கல்யாணமான மகன் அப்பா வீட்டுக் கார்டிலேயே பெயரை வைத்துக்கொண்டு பக்கத்தில் தனிக்குடிசை போட்டிருப்பது சாதாரணம். வலை வேலைக்கும் கருவாட்டு வேலைக்கும் வந்து வாடகைக்கு இருப்பவர்களின் கார்டு வேறு ஊரில் இருக்கும். தண்ணீர் ஏறிய இரவு சொந்தக்காரர் வீட்டுக்குப் போன குடும்பம், கணக்கெடுத்த அன்று ஊரிலேயே இருந்திருக்காது. இப்படியாக பட்டியல் பத்தில் ஒரு பங்காவது கூடும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே 440 பைக்குக் கணக்குப் போடுங்கள். கூடுதல் 40 பைகளில் பெரும்பகுதி விடுபட்டவர்களுக்குப் போகும். நனைந்தும் கிழிந்தும் போகிற ஐந்தாறு பைகளையும் அதிலேயே ஈடுகட்டலாம்.

பட்டியலைச் சரிபார்க்க இரண்டு பைக், மூன்று நாள், 4,000 ரூபாய் போதும். வீடு வீடாகப் போகும்போது மூன்றே கேள்விகள்: இந்த அடுப்பில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, இப்போது அடுப்பு எரிகிறதா. சுவரில் படிந்திருக்கும் சேற்றுக்கோட்டைப் பார்த்தே இரண்டாவது கேள்விக்கு விடை எழுதிவிடலாம். மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அடுப்பு மூழ்கி விறகும் நனைந்து கிடக்கிற வீட்டுக்கு அரிசி கொடுத்துப் பயனில்லை. முகாமில் சமைத்த சாப்பாடு கிடைக்கிற வரையில் உங்கள் பைக்கு வேலையும் இல்லை. ஜனங்கள் வீடு திரும்பிக் கழுவித் துடைத்து அடுப்பு மூட்டும் அன்றுதான் அது கைக்கு வர வேண்டும். அந்த நாளைத் தோராயமாகக் குறித்துவிட்டு, அதற்கு ஐந்தாறு நாள் முன்னதாகச் சாமானை இறக்கினால் போதும். அவசரப்பட்டு முன்கூட்டியே இறக்கிவைத்தால் இடவாடகையும் காவல் கூலியும்தான் ஏறும், சாமானும் ஈரம் குடிக்கும்.

ஒன்றுக்கும் தொடாத இருப்பாக 40,000 ரூபாயை, அதாவது ஐந்து சதவீதத்தை, ஒதுக்கிவிடுங்கள். எதற்கு என்பது பின்னால் வருகிறது. மிச்சம் 7,60,000.

அடுத்தது வழி. சாமான் மதுரையில் வாங்குவது சரிதான். கீழமாசி வீதி மொத்தக் கடை விலைக்கும் ராமநாதபுரம் விலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவு கொள்முதலில் லாரி வாடகையைத் தாண்டும். ஆனால் மூன்று ஊரும் தொண்டிப் பக்கம் என்பதால் ராமநாதபுரம் சுற்றி வரச் சொல்லாதீர்கள். மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத் தொண்டிக்கு நேர் சாலை இருக்கிறது, சுமார் 110 கிலோமீட்டர். சாமானைத் தொண்டியில் இறக்காமல் திருவாடானையிலேயே இறக்குங்கள். கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் உப்புக்காற்று குறைவு, கிழக்குக் கடற்கரைச் சாலை அடைபட்டாலும் மதுரைப் பக்கம் வழி திறந்திருக்கும்.

இங்கே வெள்ளம் என்றால் கடலைத்தான் நினைக்கிறோம். சாலையை மறிப்பது பெரும்பாலும் கண்மாய்த் தண்ணீர். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெயரெடுத்த ராஜசிங்கமங்கலம் கண்மாய் இருக்கிற பூமி இது. மேற்கே கண்மாய்கள் நிறைந்து கலுங்கு பாய ஆரம்பித்தால், மழை விட்டு இரண்டு நாள் கழித்துக்கூட ஓடைகளில் தண்ணீர் ஏறி, கடலோர ஊர்களுக்குப் போகும் தரைப்பாலங்கள் முழுகும். கிழக்கே வாடைக்காற்று கடலைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தால் அந்தத் தண்ணீர் வடிய நாளாகும். வானம் வெளுத்துவிட்டது, லாரியை வரச் சொல்லலாம் என்று கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். லாரி கிளம்பும் முன்னால் ஊரில் ஒருவரிடம் கேட்க வேண்டியது "மழை பெய்கிறதா" என்றல்ல, "கலுங்கு பாய்கிறதா, தரைப்பாலத்தில் முழங்காலா, கணுக்காலா" என்று.

இனி எடை. வண்டி, கூலி, இடம் எல்லாம் எடையைப் பிடித்தே நிற்கின்றன. உணவுப் பை 17 கிலோ, கழுவுகிற குளிக்கிற சாமான் ஒரு கிலோ, ஆக 18. நானூற்று நாற்பது குடும்பத்துக்கு ஏறக்குறைய 7.9 டன். சில குடும்பங்களுக்கு மட்டும் போகும் போர்வை, பாய், வாளி இன்னும் 300 கிலோ. மொத்தம் 8.2 டன்.

கணக்குப் போட எடுத்துக்கொண்ட விலைகளைச் சொல்லிவிடுகிறேன். கொட்டேஷன் வந்ததும் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அரிசி மில்லிலிருந்து 4.4 டன் ஒரு வண்டியிலும் மற்ற மளிகையெல்லாம் இன்னொரு வண்டியிலும் வரட்டும். ஒரே லாரியில் ஏற்றினால் வாடகை கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் மில்லில் ஒரு நாள், கடைவீதியில் ஒரு நாள் என்று லாரி காத்துக்கிடந்தால் அந்த மிச்சம் காத்திருப்புக் காசில் போய்விடும். வண்டிக்கு 9,000 வீதம் 18,000. ஏற்றுகூலி, இறக்குகூலி 8,000. வாடகை பேசும்போதே இறக்குகூலி யார் பொறுப்பு, ஒரு நாள் நின்றால் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள். மாநிலத்துக்குள்ளேயே போனாலும் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு ஈ-வே பில் வேண்டும். கடைக்காரரையே போடச் சொல்லி, இறங்கும் முகவரியாகத் திருவாடானைக் கிடங்கைக் கொடுங்கள்.

கிடங்குக்குப் பள்ளிக்கூடம் கேட்கத் தோன்றும். வேண்டாம். மழை நாளில் அதுதான் முகாம். முகாம் கலைந்ததும் பள்ளி திறந்துவிடும், நடுவில் உங்களைக் காலி செய்யச் சொல்வார்கள். காலியாக இருக்கும் கடையோ சின்னக் கல்யாண மண்டபமோ பாருங்கள். ஆறு நாளுக்கு, நாளுக்கு 2,500 வீதம் 15,000. யாராவது இலவசமாகத் தந்தாலும் இந்த வரியை உடனே அழிக்க வேண்டாம். இடம் கைமாறிப் போவது சகஜம்.

இடத்தைப் பார்க்கும்போது கூரையை விடத் தரையைப் பாருங்கள். சிமென்ட் தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு மறுநாள் காலையில் தூக்கிப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் அந்தத் தரை மூட்டையை நனைக்கும், மேலே ஒரு துளி ஒழுகாவிட்டாலும். செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு, தரையிலிருந்து அரை அடியாவது தூக்கி, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும். சுவரோடு ஒட்டி அடுக்கினால் அந்த வரிசைதான் முதலில் பூசணம் பிடிக்கும். எலி நுழைந்ததும் தெரியாது. பலகை, தார்ப்பாய் 6,000. இரவுக் காவலுக்கு இரண்டு பேர், ஆறு இரவு, தலைக்கு 700 வீதம் 8,400. காவலுக்கு ஒருவர் போதாது, தூங்கிவிடுவார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சாமான் குறைந்தால் ஒற்றை ஆள் மேல் பழி விழும், அது அவருக்கும் நல்லதல்ல.

பை கட்டுவதற்கு உள்ளூர் மகளிர் குழுவிலிருந்து எட்டுப் பேர், இரண்டு நாள், நாளுக்கு 600 வீதம் 9,600. குடும்பத்துக்கு இரண்டு பை, பை 12 ரூபாய் வீதம் 10,560. இரண்டு பை எதற்கு என்றால், சோப்பும் அரிசியும் ஒரே பையில் ஒரு வாரம் கிடந்தால் சோறு சோப்பு வாசம் அடிக்கும். ரவையும் டீத்தூளும் இன்னும் சீக்கிரம் வாசம் பிடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த சாமானை மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள்.

திருவாடானையிலிருந்து ஊருக்கு. ஒவ்வோர் ஊருக்கும் ஏறக்குறைய 147 பை, 2.65 டன். பிக்கப் வண்டியில் இரண்டு நடை, மூன்று ஊருக்கு ஆறு நடை, நடைக்கு 2,500 வீதம் 15,000. குட்டியானையில் முக்கால் டன்தான் ஏறும், நடை இரண்டு மடங்காகும். வாடகை குறைவு என்று அதைப் பிடிக்க வேண்டாம். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் தரைப்பாலமோ மணல் பாதையோ இருந்தால் டிராக்டர்தான். ஊருக்கு ஒன்று, 3,000 வீதம் 9,000. டோக்கன், பதிவேடு, மை, தொண்டர்களுக்குச் சாப்பாடு, டீ 12,000.

முன்னால் சொன்ன கணக்கெடுப்புச் செலவையும் சேர்த்துக் கூட்டினால் 1,15,560 ரூபாய். மொத்தத் தொகையில் பதினான்கரை சதவீதம் போல வரும். குடும்பத்துக்கு 263 ரூபாய், அல்லது கிலோவுக்கு 14 ரூபாய். இந்தப் பதினாலு ரூபாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "பழைய துணி இருபது மூட்டை இருக்கிறது, ஏற்றிக்கொண்டு போங்கள்" என்று அன்போடு சொல்லும்போது, அந்த அன்புக்கும் கிலோவுக்கு ஏறக்குறைய இந்தச் செலவு உண்டு, பிரித்து அடுக்கும் கூலி தனி. ஈரத் துணி பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். வாங்காதீர்கள். தண்ணீர் பாட்டிலும் அப்படியே. குடிக்க மட்டும் தலைக்கு மூன்று லிட்டர் என்றால் 1,600 பேருக்கு ஒரு நாளைக்கு 4,800 லிட்டர், உங்கள் சாமான் மொத்தத்தின் பாதிக்கு மேற்பட்ட எடை, ஒரே நாளில். அதற்கு ஊராட்சி ஒன்றியத்தில் சொல்லி டேங்கர் லாரி ஒரு நடை கேட்பதுதான் வழி.

இப்போது 7,60,000 கழித்தல் 1,15,560. மிச்சம் 6,44,440. நானூற்று நாற்பதால் வகுத்தால் 1,464 ரூபாய். பையை இந்தத் தொகைக்குள் அடக்க வேண்டும்.

உணவுப் பையை நாலு பேருக்கு ஏழு நாள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது உலகம் முழுக்க நிவாரண வேலையில் எடுத்துக்கொள்ளும் அளவு. அதற்குப் பொருந்துகிற பை இது:

அரிசி 10 கிலோ — 504
துவரம்பருப்பு 2 கிலோ — 240
சமையல் எண்ணெய் 1 லிட்டர் — 140
சர்க்கரை 1 கிலோ — 44
ரவை 1 கிலோ — 48
பொட்டுக்கடலை அரைக் கிலோ — 55
கல்லுப்பு 1 கிலோ — 15
மிளகாய்த்தூள் 100 கிராம் — 40
புளி கால் கிலோ — 40
டீத்தூள் 100 கிராம் — 35
தீப்பெட்டி ஒரு கட்டு — 13

ஆக 1,174 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, ரவை, பொட்டுக்கடலை இந்த ஆறிலும் சேர்ந்து ஏறக்குறைய 58,800 கலோரி வரும். இருபத்தெட்டால் வகுத்தால் 2,100. இதில் எண்ணெய் ஒரு லிட்டர் மட்டும் 8,000க்கு மேல் தருகிறது, எடையோ ஒரு கிலோகூட இல்லை. பணம் பற்றாமல் ஏதாவது குறைக்க வேண்டியிருந்தால் பலரும் முதலில் எண்ணெயில் கை வைப்பார்கள், விலை கண்ணில் படுவதால். அது தப்பு. சர்க்கரையைக் குறையுங்கள், டீத்தூளைக்கூடக் குறைக்கலாம், எண்ணெயைத் தொடாதீர்கள்.

அரிசி புழுங்கலாக இருக்கட்டும். ரேஷனில் அரிசி இலவசமாக வருகிற மாநிலம் இது. அதே ரகத்தை நீங்களும் கொண்டுபோய்க் கொட்டினால் பாதி வெளியே விலைக்குப் போகும். கடையில் அந்த மாத அரிசி கொடுத்தாகிவிட்டதா, கொடுத்தது வெள்ளத்தில் நனைந்துவிட்டதா என்று ரேஷன் கடைக்காரரிடம் கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் வாரத்திலேயே ரேஷன் அரிசியும் வருவது உறுதியானால் உங்கள் அரிசியை 5 கிலோவாகக் குறைத்து, மிச்சமாகும் 250 ரூபாயில் பருப்பையும் எண்ணெயையும் கூட்டலாம். உறுதியில்லாவிட்டால் பத்துக் கிலோவை அப்படியே விடுங்கள்.

அரிசி வாங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை உள்ள, பெயர் அச்சிட்டுக் கட்டிய சிப்பங்களுக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் போனால் இல்லை. கடைகளில் 26 கிலோ மூட்டை பெருகியது அதனால்தான். நீங்களும் 26 கிலோ மூட்டையாக வாங்கிப் பிரித்துக் கட்டினால் குடும்பத்துக்கு 24 ரூபாய், மொத்தத்தில் 10,560 மிச்சம் போலத் தெரியும். ஆனால் கவர் வேண்டும், நாலு பேருக்கு ஒரு நாள் கூலி வேண்டும், நிறுக்கும்போது சிந்துவதற்காக 170 மூட்டைக்குப் பதில் 172 வாங்க வேண்டும். இந்தச் செலவு 7,500 பக்கம் போய்விடும். உண்மையில் மிஞ்சுவது மூவாயிரம். ஈரக்காற்றில் நாள் முழுக்க அரிசியைத் திறந்து போட்டு அந்த மூவாயிரத்தை மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மில்லிலேயே தைத்து வரும் 10 கிலோ பையை வாங்குங்கள். மேலே உள்ள 504 வரியோடு சேர்ந்த விலை.

எண்ணெய்ப் பாக்கெட்டுகளை வந்த அட்டைப்பெட்டியிலேயே நிற்க வைத்து, பை கட்டும்போது ஒவ்வொன்றையும் தனிக் கவரில் முடிந்து, எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். அடியில் போய் அரிசிப் பைக்குக் கீழே மாட்டினால் டிராக்டரின் முதல் குலுக்கலிலேயே வெடிக்கும். ஒரு பாக்கெட் வெடித்தால் சுற்றியுள்ள நாலு பை வீண்.

1,464இல் 1,174 போனால் 290. இங்கேதான் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். போர்வை, பாய், வாளி எல்லோருக்கும் கொடுக்க ஆசையாக இருக்கும். அந்த மூன்றுக்கே 550 ஆகும். எல்லோருக்கும் பாதிப் போர்வை கொடுக்க முடியாது. ஆகவே 290ஐ இரண்டாகப் பிரியுங்கள். எல்லாக் குடும்பத்துக்கும் 165 ரூபாய்க்கு: குளிக்கும் சோப்பு இரண்டு 60, துவைக்கும் சோப்பு இரண்டு 40, நாப்கின் ஒரு பாக்கெட் 35, குளோரின் மாத்திரை இருபது 30. மீதி 125 ரூபாயை நானூற்று நாற்பதால் பெருக்கினால் 55,000. அதில் நூறு குடும்பத்துக்கு மட்டும் 550 ரூபாய்த் தனிக்கட்டு: போர்வை இரண்டு 320, பிளாஸ்டிக் பாய் 110, மூடியோடு வாளி 120. கோரைப்பாய் அழகுதான், ஈரத் தரையில் ஒரே வாரத்தில் மக்கிவிடும்.

யார் அந்த நூறு? கணக்கெடுப்பில் சேற்றுக்கோடு முழங்காலுக்கு மேல் இருந்த வீடுகள். இந்த விதியை டோக்கன் கொடுக்கும் முன்பே ஊர்த் தலைவர், ஜமாத், தேவாலயப் பங்கு என்று எந்த ஊரில் யாரோ அவர்கள் முன்னிலையில் சொல்லி, பெயர்ப் பட்டியலையும் ஒட்டிவிடுங்கள். விநியோகம் நடக்கிற இடத்தில் முதன்முதலாகச் சொன்னால் சண்டை நிச்சயம். பெயர் தெரிவதற்கு முன்னால் நூறு கட்டையும் வாங்கிவிடாதீர்கள். ஓர் ஊரில் அறுபது, இன்னோர் ஊரில் ஐந்து என்றும் வரும்.

வாளிக்குள் சாமானை நிரப்பிக் கொடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும், படமும் அழகாக வரும். செய்யாதீர்கள். காலி வாளி நூறு என்றால் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஒரு மூலையில் நிற்கும். நிரப்பிய வாளி நூறு என்றால் ஒரு பிக்கப் வண்டியே அதற்கு வேண்டும். 2,500 ரூபாய் வெறும் காற்றை ஏற்றுவதற்குப் போகும்.

குளோரின் மாத்திரையில் ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். அளவு அளவாக விற்கிறார்கள். இங்கே எடுத்துக்கொண்டது 20 லிட்டருக்கு ஒன்று. இருபது மாத்திரை 400 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் ஏழு நாளுக்குத் தாராளம். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டியபின் போட்டு அரை மணி நேரம் விடச் சொல்லி, அதைத் தமிழில் அச்சிட்ட துண்டுச்சீட்டை அட்டையோடு சேர்த்துப் பின் அடியுங்கள். ஒன்று மட்டும் மாத்திரையால் ஆகாது: கிணறு உப்பாக மாறியிருந்தால் குளோரின் அந்த உப்பை எடுக்காது. அப்படிப்பட்ட தெருவுக்கு டேங்கர்தான், உங்கள் பையில் தீர்வு இல்லை.

மொத்தத்தை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். உணவு 5,16,560, சோப்பு வகை 72,600, தனிக்கட்டு 55,000, கொண்டுசேர்க்கும் செலவு 1,15,560, இருப்பு 40,000. ஆக 7,99,720. கையில் 280 ரூபாய் மிச்சம்.

அந்த 40,000 எதற்கு என்று சொல்ல வேண்டும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி வண்டி நின்றால் காத்திருப்புக் காசு இதிலிருந்துதான் போகும். கிடங்கு ஆறு நாளுக்குப் பதில் ஒன்பது நாள் ஆனால் வாடகையும் காவலும் சேர்ந்து 11,700 கூடும், அதுவும் இதிலிருந்தே. ஏழெட்டுப் பேர் சாப்பிடும் அடுப்புகளுக்கு ஐந்து கிலோ அரிசி கூடுதலாகத் தர வேண்டும். அப்படி முப்பது வீடு இருந்தால் 7,500 பக்கம் வரும். கொள்முதல் முடிவதற்குள் பருப்பு விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் 4,400. மழை வாரத்தில் இவையெல்லாம் சேர்ந்தே வரும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு நாள் நடுவில் வந்தால் உங்கள் தேதிகள் எதுவும் நிற்காது. எல்லா ஊரிலும் கொடுத்து முடித்தபின் இருப்பில் மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் தனிக்கட்டு வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டியே அதற்கு ஆசைப்படக் கூடாது.

கிடங்கில் தினமும் மாலை ஒரே ஒரு கணக்கு: காலையில் இருந்தது, போனது, கெட்டது, மிச்சம். நான்கும் பொருந்தாமல் பூட்டக்கூடாது. எண்ணிக்கை ஒரு பையானாலும் இடித்தால் அன்றே தேட வேண்டும், மறுநாள் கண்டுபிடிக்க முடியாது. அரிசிப் பையில் கை வைத்துப் பார்ப்பதும் மாலை வேலைதான். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பையை உருவி உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ புளித்த வாசம் வந்தாலோ உள்ளே ஈரம் ஏறிவிட்டது. அந்தப் பையைத் தனியே எடுத்துப் பிரித்துப் பாருங்கள். காயவைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பூசணம் பிடித்த அரிசியைக் கழுவினாலும் சரியாகாது. அடியில் எண்ணெய்க் கறையோ மஞ்சள் வட்டமோ உள்ள பையும் அப்படியே.

டோக்கனை விநியோகத்துக்கு முந்தைய நாள் மாலையில் வீட்டிலேயே கொடுங்கள். இரண்டு பாதியாகக் கிழிகிற டோக்கன், ஊருக்கு ஒரு நிறம், வரிசை எண், கார்டின் கடைசி நாலு எண், கார்டு இல்லாதவருக்குக் கதவு எண். ஒரு பாதி அவர்களிடம், ஒரு பாதி பதிவேட்டில் ஒட்ட. நேரத்தையும் எழுதுங்கள்: ஒன்று முதல் நாற்பது வரை ஒன்பது மணி, அடுத்த நாற்பது பத்து மணி. பெயர் பார்த்து, கையெழுத்து வாங்கி, இரண்டு பையையும் எடுத்துக் கொடுக்க ஒரு மேசையில் மணிக்கு நாற்பது பேர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் வேகம். 147 பேருக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையும். எல்லோரையும் ஒன்பது மணிக்கே வரச் சொன்னால் கடைசி ஆள் ஒரு மணி வரை வெயிலிலோ மழையிலோ நிற்பார், அரைமணியில் வரிசை உடையும். பதினேழு கிலோ பையை வயதானவர் தூக்க முடியாது. அவர்களின் எண்களைக் கணக்கெடுப்பிலேயே குறித்து, டிராக்டரில் மிஞ்சும் இடத்தில் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். ஊருக்குப் பத்துப் பதினைந்து வீட்டுக்கு மேல் வராது.

வண்டியில் அந்த ஊரின் டோக்கன் எண்ணிக்கையும் அதற்கு மேல் ஐந்து பையும் மட்டும் ஏறட்டும். நாற்பது கூடுதல் பையும் முதல் ஊருக்கே போனால் கண்ணெதிரே பை இருக்கும்போது யாரிடமும் இல்லை என்று சொல்ல முடியாது, மூன்றாவது ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது. டோக்கன் இல்லாமல் வருகிறவரின் பெயரை எழுதிக்கொண்டு, அன்று மாலையே வீட்டைப் போய்ப் பார்த்து, மறுநாள் கொடுக்கலாம்.

பணம் கொடுப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் சங்கம் அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு வருமான வரிக் கணக்கில் இடிக்கும். மில், மளிகைக் கடை, மண்டபம் மூன்றுக்கும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். கூலியும் டிராக்டரும்தான் ரொக்கம். அதற்குப் பெயர், வேலை, நாள், கையெழுத்து உள்ள வவுச்சர் போதும், அன்றன்றே எழுதினால்.